மீட்டரில் 900

2017 ஆகஸ்ட் 10, வியாழக்கிழமை. உத்தரப்பிரதேச மாநிலம் கோரக்பூரில் உள்ள பாபா ராகவ் தாஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஆக்சிஜன் பைப்லைனைக் கவனிக்கும் ஊழியர்கள் பகல் 11:20 மணிக்கு டேங்க்கின் மீட்டரைப் பார்த்தார்கள். அதில் 900 என்று இருந்தது. உடனே குழந்தைகள் பிரிவுத் தலைவருக்கு இந்தியில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். மீட்டரில் 900தான் இருக்கிறது, இன்று இரவு வரைதான் வரும், சப்ளை செய்யும் நிறுவனம் பழைய பாக்கி தீராமல் ஆக்சிஜன் அனுப்ப மறுக்கிறது. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். மேலதிகாரிகளுக்கும் அதன் நகல் போனது. ஒரு வாரத்துக்கு முன், ஆகஸ்ட் 3ஆம் தேதியும் அவர்கள் இதேபோல் ஒரு கடிதம் கொடுத்திருந்தார்கள்.

அன்று இரவு 7:30 மணிக்கு டேங்க் வற்றியது. கையிருப்பில் இருந்தவை 52 ஜம்போ சிலிண்டர்கள். அவற்றைப் பைப்லைனில் மாட்டினார்கள். இரவு 11:30 வாக்கில் அவையும் தீர்ந்தன. அடுத்த சிலிண்டர்கள் வந்து சேரும்போது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி.

இந்தச் சம்பவம் நாடு முழுவதும் பேசப்பட்டது. யார் குற்றவாளி, யார் பலியாடு என்ற சர்ச்சை பல ஆண்டுகள் ஓடியது. அந்தச் சர்ச்சைக்கு நடுவே கடிதத்தில் இருந்த எண்ணையும் ஸ்டோரில் நின்ற 52 சிலிண்டர்களையும் பொறுமையாகக் கணக்குப் பார்த்தவர்கள் குறைவு. பள்ளிக்கூடப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். அந்த இரவில் நடக்கப்போவது பகல் 11:20 மணிக்கே தெரிந்திருக்கும். அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறேன், ஏனென்றால் ஆக்சிஜன் பைப்லைன் உள்ள எந்த மருத்துவமனைக்கும் இதே கணக்குதான்.

முதலில் சிலிண்டர். மருத்துவமனை வாசலில் லாரியிலிருந்து உருட்டி இறக்குவார்களே, கறுப்பு உடம்பும் வெள்ளைக் கழுத்துமாக, ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்துக்கு, அதுதான் ஜம்போ. கடைக்காரர்கள் ‘டி டைப்’ என்பார்கள். வெறும் இரும்பே அறுபது கிலோ அளவுக்குக் கனக்கும். அதற்குள் காற்றழுத்தத்தைப் போல 150 மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜனை அடைத்திருப்பார்கள். திறந்துவிட்டால் சுமார் 7,000 லிட்டர் வரும். ஆம்புலன்ஸிலும் ஸ்ட்ரெச்சர் பக்கத்திலும் வைக்கும் சின்ன சிலிண்டர் ‘பி டைப்’. அதில் 1,500 லிட்டர்தான். ஆகவே ‘ஐம்பது சிலிண்டர் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், எந்த ஐம்பது என்று கேட்காமல் நிம்மதி அடையக் கூடாது. இரண்டுக்கும் நாலரை மடங்கு வித்தியாசம்.

இன்னொரு விஷயமும் உண்டு. நிறைந்த சிலிண்டரும் காலிச் சிலிண்டரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ரெகுலேட்டரை மாட்டி முள்ளைப் பார்த்தால்தான் தெரியும். காலியானதைக் காலி வரிசையில் நிறுத்தாமல் அவசரத்தில் கிடைத்த இடத்தில் சாய்த்துவிட்டுப் போகும் ஸ்டோர்களில், ராத்திரி டூட்டிக்காரர் எண்ணிச் சொல்லும் எண்ணிக்கையில் பாதி வெறும் இரும்பாக இருக்கக்கூடும். சிலிண்டரை முழுக்க வற்றவும் விடமாட்டார்கள், உள்ளே கொஞ்சம் அழுத்தம் மிஞ்சும்போதே கழற்றிவிடுவார்கள். 7,000 லிட்டர் என்பது காகிதக் கணக்கு, கைக்கு வருவது அதைவிடச் சற்றுக் குறைவு.

அடுத்தது டேங்க். பெரிய மருத்துவமனைகளின் பின்புறம் வெள்ளையாக, உயரமாக நிற்கும் அந்த டேங்க்கில் ஆக்சிஜன் திரவமாக இருக்கும். மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் திரவம் அது. வெளியே வந்து குழாய்களில் சூடேறியதும் வாயுவாகிறது. ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 860 லிட்டர் வாயுவாக விரியும். அதாவது ஒரு வாளி அளவுத் திரவம், எட்டு லிட்டர் இருந்தால், ஒரு ஜம்போ சிலிண்டருக்குச் சமம். பத்தாயிரம் லிட்டர் டேங்க் ஒன்று 1,200 சிலிண்டர்களுக்கு மேல் தாங்கும். டேங்க் வசதிக்குப் பழகிய மருத்துவமனைக்கு அது வற்றும் நாளில் வரும் ஆபத்து இதில்தான் இருக்கிறது. அத்தனை சிலிண்டர்களை நிறுத்த ஸ்டோரில் இடம் கிடையாது, மாற்றிப் பூட்ட ஆள் கிடையாது, ஊரில் அவ்வளவு நிறைந்த சிலிண்டரும் கிடையாது.

இப்போது கோரக்பூர் இரவுக்கு வருவோம். 52 ஜம்போ சிலிண்டர்கள், தலைக்கு 7,000 லிட்டர் என்றால் மொத்தம் 3,64,000 லிட்டர். அது 7:30 முதல் 11:30 வரை நான்கு மணி நேரம் தாங்கியது. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 91,000 லிட்டர், நிமிடத்துக்குச் சுமார் 1,500 லிட்டர். சிலிண்டரில் சொன்னால் மணிக்குப் 13. இந்த வேகம் எனக்கு மிகையாகத் தெரியவில்லை. மூக்குக் குழாயில் படுத்திருக்கும் நோயாளிக்கு நிமிடத்துக்கு 2 முதல் 5 லிட்டர் போகும். பையுடன் கூடிய மாஸ்க் போட்டவருக்கு 10 முதல் 15 லிட்டர். வென்டிலேட்டரில் இருப்பவருக்கும் அந்த அளவோ அதற்கு மேலோ போகும். அப்படி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே பைப்லைனில் இருந்தாலே 1,500 எட்டிவிடும்.

மணிக்குப் 13 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பகல் 11:20க்குத் திரும்பிப் போவோம். ‘இன்று இரவு வரைதான் வரும்’ என்று ஊழியர்கள் எழுதியிருக்கிறார்கள். சரி, மாலையில் டேங்க் தீர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாலை 7:30 முதல் மறுநாள் காலை 7:30 வரை 12 மணி நேரம் ஓட்டியாக வேண்டும். 12 மணிக்கு, மணிக்குப் 13 வீதம் 156 சிலிண்டர். கையில் 52. பற்றாக்குறை 104. இந்த 104 என்ற எண்ணைப் பகலிலேயே ஒருவர் ஒரு தாளில் எழுதி மேலதிகாரி கையில் கொடுத்திருந்தால், ஃபைசாபாத்துக்கும் உள்ளூர் ஏஜென்சிகளுக்கும் போன் போட எட்டு மணி நேரம் கையில் இருந்தது. ஃபைசாபாத்திலிருந்து லாரி வர மூன்று மணி நேரம் போல ஆகும். பகல் ஒரு மணிக்கு ஆர்டர் கொடுத்து, அங்கே சிலிண்டர் நிரப்ப நேரம் விட்டு, வழியில் தாமதமும் ஆகட்டும், இரவு எட்டு, ஒன்பதுக்குள் முதல் லாரி வாசலில் நின்றிருக்கும். 52 சிலிண்டர்கள் அதுவரை தாங்கியிருக்கும்.

‘இரவு வரை வரும்’ என்ற வாக்கியத்தைப் படித்த அதிகாரிக்கு அது ஒரு தகவலாகத் தோன்றியிருக்கலாம். ‘இரவு 7:30க்குப் பிறகு 104 சிலிண்டர் குறைகிறது’ என்று எழுதியிருந்தால் அது உத்தரவு கேட்கும் கடிதம். ஊழியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் எச்சரித்தார்கள், அதுவும் இரண்டு முறை. அவர்கள் எழுதிய எண்ணைச் சிலிண்டராகவும் மணியாகவும் மாற்றிக் கேட்க வேண்டியவர்கள் மேலே இருந்தார்கள். கல்லூரி முதல்வர் அன்று ஊரில் இல்லை. ஆக்சிஜனுக்குப் பொறுப்பான மயக்கவியல் துறைத் தலைவர் மறுநாள் விடுப்பு அனுமதி பெறாமல் ஊரை விட்டுப் போனார். மாவட்ட ஆட்சியரின் விசாரணை அறிக்கை இரண்டையும் குறிப்பிட்டது.

சப்ளை ஏன் நின்றது? ஆகஸ்ட் 1ஆம் தேதி நிறுவனம் அனுப்பிய கடிதப்படி மருத்துவமனை தர வேண்டிய பாக்கி 63 லட்சம் ரூபாய்க்கு மேல். ஒப்பந்தப்படி பாக்கி 10 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அந்த வரம்பைத் தாண்டி ஆறு மடங்கு போகும்வரை இரு தரப்பும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. ஆகஸ்ட் 5ஆம் தேதியே பணத்தை விடுவித்துவிட்டோம் என்றது மாநில அரசு. அந்தப் பணம் கருவூலம், கல்லூரி, வங்கி என்று நடந்து நிறுவனத்தின் கணக்குக்குப் போய்ச் சேருவதற்குள் டேங்க் வற்றிவிட்டது. இடையில் ஆகஸ்ட் 9ஆம் தேதி மாநில முதலமைச்சரே அந்த மருத்துவமனைக்கு வந்து ஆய்வு நடத்திவிட்டுப் போயிருந்தார்.

பாக்கி வைத்த மருத்துவமனையின் பக்கம் தவறு இருக்கிறது. ஆனாலும் குழந்தைகள் வென்டிலேட்டரில் இருக்கும் இடத்துக்கு ஆக்சிஜனை நிறுத்துவதை வசூல் முறையாகக் கையாள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டணம் கட்டாத வீட்டுக்கு மின்சாரத்தைத் துண்டித்தால் விளக்குதான் அணையும்.

இரவு 7:30க்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்பதைப் பார்க்க, பைப்லைன் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மேனிஃபோல்டு என்று ஓர் அறை இருக்கும். அங்கே சிலிண்டர்களை இரண்டு வரிசையாகச் சுவரோரம் நிறுத்திச் செப்புக் குழாய்களால் இணைத்திருப்பார்கள். ஒரு வரிசை ஓடும்போது மறுவரிசை காத்திருக்கும். ஓடுவது தீர்ந்ததும் மற்றது திறக்கும், மணி அடிக்கும், ஊழியர் காலியானவற்றைக் கழற்றிப் புதியவற்றைப் பூட்டுவார். மணிக்குப் 13 சிலிண்டர் என்றால், வரிசைக்குப் பத்து வைத்தாலும் முக்கால் மணிக்கு ஒருமுறை பத்துச் சிலிண்டர்களையும் மாற்றியாக வேண்டும். ஒவ்வொன்றும் அறுபது கிலோ. ஸ்டோரிலிருந்து உருட்டி வர வேண்டும், ஸ்பேனரால் நட்டை இறுக்க வேண்டும், கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வால்வில் எண்ணெய்ப் பசை படக் கூடாது, பட்டால் தீப்பிடிக்கும். அளவுக்கு மீறிய வேகத்தில் வாயு ஓடும்போது ரெகுலேட்டர் குளிர்ந்து பனி படியும், அதனாலும் ஓட்டம் மட்டுப்படும். திரவ டேங்க்கிலிருந்து சிலிண்டருக்கு மாறுவது, அண்டாவில் மொண்டதை நிறுத்திவிட்டு செம்பால் மொள்வது போன்றது. சிலிண்டர் கையில் இருந்தாலும் பைப்லைன் அழுத்தம் விழலாம்.

நான்கு ஆண்டுகள் கழித்து டெல்லியில் இது நடந்தது. ரோகிணியில் உள்ள ஜெய்ப்பூர் கோல்டன் மருத்துவமனை. 2021 ஏப்ரல் 23, கொரோனா இரண்டாம் அலையின் உச்சம். மாலை ஐந்து மணி போல வர வேண்டிய மூன்றரை டன் திரவ ஆக்சிஜன் வரவில்லை. டேங்க் தீர்ந்து சிலிண்டர்களுக்கு மாறினார்கள். அழுத்தம் குறைந்தது. நள்ளிரவு வாக்கில் டேங்கர் வந்தபோது 20 நோயாளிகள் இறந்திருந்தார்கள் என்று மருத்துவமனையின் மருத்துவ இயக்குநர் மறுநாள் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அங்கே சிலிண்டர் இல்லாமல் இல்லை. சிலிண்டரால் அந்தப் பசியைத் தாங்க முடியவில்லை.

அழுத்தம் விழுவதை வார்டில் எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு படுக்கைக்கு மேலும் சுவரில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்னக் குண்டு மிதக்குமே, அதுதான் முதல் சாட்சி. நர்ஸ் யாரும் குமிழைத் தொடாமலே குண்டு மெல்லக் கீழே இறங்கினால் பைப்லைனில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். வென்டிலேட்டர்கள் அடுத்து அலறும். பைப்லைன் அழுத்தம் சாதாரணமாக 4 பார் அளவில் இருக்கும். அதற்குக் கீழே இறங்க இறங்க இயந்திரங்கள் கேட்ட அளவு ஆக்சிஜனைக் கலக்க முடியாமல் போகும். கடைசியில் வெறும் காற்றைத்தான் தள்ளும். வெறும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். நமக்கு அது போதும். நுரையீரல் முழுக்க நீர் கோத்துக் கிடக்கும் குழந்தைக்குப் போதாது. விரல் நுனியில் மாட்டியிருக்கும் கருவியில் 94, 90, 84 என்று எண் இறங்கத் தொடங்கும்.

கோரக்பூரில் அந்த நேரத்தில் பெற்றோர் கையில் ஆம்பு பையைக் கொடுத்தார்கள். ரப்பர் பந்து போன்ற பை அது. அதை ஒரே சீராக அமுக்கி அமுக்கிக் குழந்தையின் நெஞ்சுக்குள் காற்றைச் செலுத்த வேண்டும். பயிற்சி பெற்ற நர்ஸுக்கே பத்து நிமிடத்தில் விரல் கடுக்கும். வயலிலிருந்து, செங்கல் சூளையிலிருந்து வந்த அப்பாக்கள் மணிக்கணக்கில் அமுக்கினார்கள். ஆம்பு பையின் பின்னால் ஆக்சிஜன் குழாய் இணைக்கப்படாவிட்டால் அதில் போவதும் வெறும் காற்றுதான். மூச்சை ஓடவைக்கும், ஆனால் அந்தக் குழந்தைக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தராது.

போன்கள் அப்போதுதான் பறந்தன. அன்று விடுப்பில் இருந்த குழந்தைகள் பிரிவு மருத்துவர் கஃபீல் கான் இரவில் செய்தி கிடைத்து வந்தார். பின்னாளில் அவர் சொன்ன விவரப்படி, தெரிந்த தனியார் மருத்துவமனைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்து, தன் காரிலேயே போய் மூன்று சிலிண்டர்களைக் கொண்டுவந்தார். மூன்று ஜம்போ சிலிண்டர் என்றால் என்ன கணக்கு? மணிக்குப் 13 எரியும் இடத்தில் அது 14 நிமிடம். முழுப் பைப்லைனுக்கும் கொடுக்காமல் குழந்தைகள் வார்டுக்கு மட்டும் திருப்பினால்தான் அதைவிட நீளும். மறுநாள் எல்லைக் காவல் படையான சசஸ்திர சீமா பல் லாரியும் ஆட்களும் கொடுத்து உதவியது. உள்ளூரில் சிலிண்டர் நிரப்புபவர் ரொக்கமாகப் பணம் கேட்டபோது மருத்துவர் தன் ஏ.டி.எம். கார்டைக் கொடுத்தனுப்பினார் என்று செய்திகள் வந்தன.

இரவில் ஏன் இவ்வளவு கடினம்? சிலிண்டர் நிரப்பும் கூடங்கள் பெரும்பாலும் மாலையோடு மூடிவிடும். நிரப்புவதற்கே நேரம் எடுக்கும், ஐம்பது சிலிண்டரை ஒரே மூச்சில் நிரப்ப முடியாது. டிரைவர் வீட்டில் தூங்குவார். நிறைந்த சிலிண்டர் வேண்டுமென்றால் காலிச் சிலிண்டரைக் கொடுத்து மாற்ற வேண்டும், அந்தக் காலிகள் இன்னும் மேனிஃபோல்டிலேயே பூட்டிக் கிடக்கும். பில்லில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர் போனை எடுக்க வேண்டும். பகலில் ஒரு போனில் முடிகிற வேலைக்கு இரவில் பத்துப் போன் வேண்டியிருக்கிறது.

பாதிக்கப்பட்டவர்களின் கணக்கை இப்போது சொல்ல வேண்டும். நிர்வாகம் வெளியிட்ட எண்களின்படி அந்த மருத்துவமனையில் ஆகஸ்ட் 7ஆம் தேதி 9 குழந்தைகளும் 8ஆம் தேதி 12 குழந்தைகளும் 9ஆம் தேதி 9 குழந்தைகளும் இறந்தனர். 10ஆம் தேதி 23. 11ஆம் தேதி 7. ஐந்து நாளில் அறுபது. பத்தாம் தேதியின் 23 பேரில் 14 பேர் பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள், 3 பேர் மூளைக்காய்ச்சல் வார்டில், 6 பேர் பொது வார்டில்.

இந்த எண்களை நேர்மையாகப் படிக்க வேண்டும். அது மூளைக்காய்ச்சல் பருவம். மழைக்காலத்தில் கிழக்கு உத்தரப்பிரதேசத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிகாரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் கடைசி நிலையில் குழந்தைகள் அங்கேதான் வந்து சேரும். ஆக்சிஜன் தாராளமாக ஓடிய நாட்களிலும் ஒன்பது, பன்னிரண்டு என்று இறந்திருக்கிறார்கள். பத்தாம் தேதி இறந்த 23 பேரும் இரவு 7:30க்குப் பிறகு இறந்தவர்களும் அல்லர். ஆக்சிஜன் பற்றாக்குறையால் ஒருவரும் சாகவில்லை, நோயால்தான் இறந்தார்கள் என்பது அரசின் நிலை. மூன்று நாட்களாக ஒன்பது, பன்னிரண்டு, ஒன்பது என்று போன எண்ணிக்கை டேங்க் வற்றிய நாளில் இருபத்து மூன்றாக உயர்ந்ததை அந்த விளக்கத்தால் என் மனதிலிருந்து அகற்ற முடியவில்லை.

இதைத் தீர்க்க ஒரே வழிதான் உண்டு. ஒவ்வொரு குழந்தையின் கேஸ் ஷீட்டிலும் இரவு ஏழு மணி முதல் காலை வரை ஆக்சிஜன் அளவு என்ன, எந்த நேரத்தில் இறங்கியது, அதே நேரத்தில் பைப்லைன் அழுத்தம் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இறப்புச் சான்றிதழில் அது இருக்காது. மூளைக்காய்ச்சல், குறைமாதப் பிறப்பு, நிமோனியா என்று நோயின் பெயர்தான் இருக்கும். ஆக்சிஜன் தீர்ந்தது என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் இதே கேள்வி வந்தபோது, ஆக்சிஜன் இல்லாமல் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்று மத்திய அரசு பதில் சொன்னது. டெல்லியின் ஜெய்ப்பூர் கோல்டன் விஷயத்திலும் பற்றாக்குறைதான் காரணம் என்று சொல்ல ஆதாரமில்லை என்றே மாநில அரசின் குழு முதலில் சொன்னது.

கர்நாடகத்தில் வேறு மாதிரி நடந்தது. நம் சத்தியமங்கலம் காட்டைத் தாண்டினால் வரும் சாமராஜநகர். 2021 மே 2 இரவு அங்குள்ள மாவட்ட மருத்துவமனையில் ஆக்சிஜன் தீர்ந்தது. சிலிண்டர்கள் அறுபது கிலோமீட்டர் தள்ளி மைசூருவிலிருந்துதான் வர வேண்டும். ஒரு நாளுக்குள் 24 பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் மூன்று பேர் மட்டுமே என்றது அரசு. மைசூரு நிர்வாகம் சிலிண்டர் தரவில்லை என்று ஒரு தரப்பும், 250 சிலிண்டர் அனுப்பினோம் என்று மைசூருவும் மாறி மாறிப் பேசின. கர்நாடக உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.என். வேணுகோபால கவுடா தலைமையில் குழு அமைத்து ஆவணங்களைக் கைப்பற்றிப் பார்க்கச் சொன்னது. இரவு 10:30 முதல் 2:30 வரை மருத்துவமனையில் ஆக்சிஜன் இல்லை என்பதைக் குழு பதிவு செய்தது, மைசூரு மீது தவறில்லை என்றது, சாமராஜநகர் தரப்பின் குறைபாடுகளைச் சுட்டியது. அந்த நான்கு மணி நேரம் காகிதத்தில் ஏறியதற்குக் காரணம், வெளியிலிருந்து ஒருவர் வந்து பதிவேடுகளைப் புரட்டியதுதான்.

நம் பக்கத்திலும் ஓர் இரவு உண்டு. 2021 மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் சில மணி நேரத்துக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பைப்லைன் அழுத்தம் இறங்கியதாக ஊழியர்கள் தரப்பில் சொன்னார்கள், ஆக்சிஜன் தட்டுப்பாடு இல்லை என்றது நிர்வாகம். டேங்க்கில் இருப்பு இருக்கும்போதே அழுத்தம் இறங்க முடியும் என்பதை மேலே பார்த்தோம். ஆகையால் ‘தட்டுப்பாடு இல்லை’ என்ற ஒரு வரி பதிலாகாது. அந்த இரவின் அழுத்தப் பதிவை நிமிட வாரியாக வெளியிடுவதுதான் பதில்.

கொரோனாவுக்குப் பிறகு மாவட்ட மருத்துவமனைகளில் காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரிக்கும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன. பி.எம். கேர்ஸ் நிதியில் மட்டும் நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை நிறுவப்பட்டன. நல்ல ஏற்பாடு. ஆனால் அவற்றில் பெரிய அளவு என்று சொல்லப்படுவது நிமிடத்துக்கு 1,000 லிட்டர் தருவது. கோரக்பூரின் அந்த இரவுக்கு 1,500 வேண்டியிருந்தது. மின்சாரம் போனால், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாவிட்டால், வடிகட்டி மாற்றாமல் விட்டால் அதுவும் நிற்கும். நிற்கும்போது மறுபடி கை நீள்வது அதே சிலிண்டர் வரிசைக்குத்தான்.

ஆகவே ஸ்டோர் பதிவேட்டில் ஒரு சின்ன மாற்றம் கேட்கிறேன். ‘ஜம்போ 52’ என்று எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும். கடந்த ஆறு மணி நேரத்தில் எத்தனை சிலிண்டர் போனது என்று பார்த்து, இருப்பு இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று அதில் எழுத வேண்டும். 52 என்ற எண் கம்பீரமாகத் தெரியும். 4 மணி என்ற எண் பார்த்தவரைத் தூக்கிவாரிப் போடும். அதைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், டாக்டரும் நோயாளியின் வீட்டாரும் பார்க்கும் இடத்தில், ஷிஃப்டுக்கு ஒருமுறை சாக்பீஸால் எழுதினால் போதும். இருப்பு ஒரு முழு நாளுக்குக் கீழே இறங்கியதும் யாருக்குப் போன் செய்ய வேண்டும், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாருக்கு, பணம் கொடுக்க அந்த நேரத்தில் யாருக்கு அதிகாரம் என்பதும் அதே பலகையில் இருக்கட்டும்.

கோரக்பூர் விவகாரத்தில் மருத்துவர் கஃபீல் கான் இடைநீக்கம் செய்யப்பட்டு, 2017 செப்டம்பரில் கைதாகி ஏறக்குறைய எட்டு மாதம் சிறையில் இருந்தார். 2018 ஏப்ரலில் ஜாமீன் தந்தபோது அலகாபாத் உயர் நீதிமன்றம், அவர் தனிப்பட்ட முறையில் மருத்துவ அலட்சியம் காட்டியதற்கு ஆவணம் எதுவும் இல்லை என்றது. கல்லூரி முதல்வரும் வேறு சிலரும்கூடக் கைதானார்கள். 10 லட்சம் என்ற வரம்பு 63 லட்சமாகும்வரை பில்கள் எந்தெந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தன என்ற கணக்கு மட்டும் பொதுமக்கள் முன் முழுமையாக வைக்கப்படவே இல்லை. ஊழியர்கள் மீட்டரைப் பார்த்தது பகல் 11:20க்கு. கடைசி சிலிண்டர் தீர்ந்தது இரவு 11:30க்கு. நடுவில் இருந்தது 12 மணி 10 நிமிடம்.